மூலிகைத் தைலம்தானே?

நம்பிக்கை: "மூலிகைதான், ஒண்ணும் செய்யாது."

பெட்டிக்கடையில் வாங்கிய தைல டப்பியைத் திருப்பிப் பாருங்கள். எறும்பளவு எழுத்தில் பெரும்பாலும் வடமொழிப் பெயர்களாக இருக்கும். 'கர்ப்பூரா' நம் பூஜைக் கற்பூரமேதான். 'கந்தபுரா தைலம்' என்றதும் ஏதோ வாசனைத் திரவியம் என்று நினைப்போம். அது மீதைல் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய சொந்தம். கலப்பில்லாத அந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி உள்ளே போனால், இருபது ஆஸ்பிரின் மாத்திரையை ஒரே மடக்கில் விழுங்கியதற்குச் சமம்.

பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் அளவையும் பாருங்கள். 10 கிராமில் கற்பூரம் 1 கிராம் என்று போட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தவழும் குழந்தை டப்பியைத் திறந்து ஒரு தேக்கரண்டி அளவு வழித்துத் தின்றுவிட்டால், அரை கிராம் கற்பூரம் உள்ளே போயிருக்கும். 10 கிலோ எடையுள்ள குழந்தை 0.3 கிராமுக்கு மேல் விழுங்கினாலே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்பது நஞ்சு மருத்துவர்களின் கணக்கு.

நம்பிக்கை: "மூக்கில் துளி தடவினால் அடைப்பு விடும்."

அடைப்பு விடுவதில்லை. மென்தால் மூக்கின் குளிர்ச்சி நரம்பைத் தூண்டுவதால் விட்டதுபோலத் தோன்றும், அவ்வளவுதான். கைக்குழந்தை பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடும். அங்கே இந்த நெடி பட்டால் குரல்வளை இறுகலாம், மூச்சே சற்று நின்றுபோகலாம். 2025 ஜூலையில் சென்னை அபிராமபுரத்தில், தைலத்தோடு கற்பூரம் குழைத்து மூக்கில் தடவிய பிறகு எட்டு மாதக் குழந்தை மூச்சுத்திணறி இறந்ததாகச் செய்தி வந்தது. அது ஒன்றே காரணம் என்று செய்தியை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. ஆனாலும் இரண்டு வயதுக்குள் இந்தத் தைலங்கள் மூக்கில் மட்டுமல்ல, நெஞ்சிலும் வேண்டாம்.

தேங்காய் எண்ணெயில் கற்பூரம் காய்ச்சித் தடவுவது அதைவிட மோசம். எத்தனை வில்லை போட்டோம் என்பதற்குக் கணக்கே இல்லை. கடைத் தைலத்திலாவது அளவு அச்சாகியிருக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவும் ஊறும். கைக்குழந்தையின் தோல் மெல்லியது. தடவிய கையைக் குழந்தை வாயில் வைத்துக்கொள்ளவும் செய்யும்.

நம்பிக்கை: "விழுங்கிவிட்டால் பால் கொடு, வாந்தி எடுக்க வை."

இரண்டும் கூடாது. பாலிலும் எண்ணெயிலும் இருக்கும் கொழுப்பில் கற்பூரம் கரைந்து இன்னும் வேகமாக உடம்பில் ஏறும். வாந்திக்கு விரலை விட்டால், எண்ணெய் நுரையீரலுக்குப் போகலாம். போதாததற்கு, கற்பூரம் கொண்டுவரும் வலிப்பு முன்னறிவிப்பில்லாமல் வரும். விழுங்கி ஐந்து நிமிடத்திலும் வரலாம், ஒன்றரை மணி நேரம் கழித்தும் வரலாம். அதனால் குழந்தை விளையாடிக்கொண்டுதானே இருக்கிறது என்று உட்கார்ந்திருக்கக் கூடாது. வாயைத் துடைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள். டப்பியையும் மறக்காமல் எடுத்துப்போங்கள். எது, எவ்வளவு என்றுதான் டாக்டர் முதலில் கேட்பார்.