"ஒரு வட்டி" என்றால் 12 சதவீதமா, 21 சதவீதமா?

திருப்பூர்-தாராபுரம் ரோட்டில் அவிநாசிபாளையம் பக்கம் போனால், வீட்டோட சேர்ந்த ஷெட்டில் நாலு மெஷின் போட்டு பவர் டேபிள் ஓட்டுகிற ஜாப் ஒர்க் யூனிட்டுகளைப் பார்க்கலாம். ஆர்டர் கூடும்போது இன்னொரு ஓவர்லாக், ஒரு பிளாட்லாக் வேணும். கையில் காசு இருக்காது, ஃபைனான்ஸ்காரர் வருவார். அவர் சொல்கிற முதல் வாக்கியம் அநேகமாக இப்படித்தான் இருக்கும்: "ஒரு வட்டிதானுங்க, வருஷத்துக்கு வெறும் பன்னெண்டு பர்சென்ட்."

நூறு ரூபாய்க்கு மாசம் ஒரு ரூபாய் என்பதுதான் நம்ம ஊர் "ஒரு வட்டி". ஆனால் இதே வார்த்தைக்குள் மூணு வெவ்வேறு கடன்கள் ஒளிந்திருக்கின்றன. 1,20,000 ரூபாய், 24 மாசம் என்று ஒரு கணக்கு வைத்து மூன்றையும் பார்ப்போம்.

மூணு விதமான 12 சதவீதம்

முதலாவது, ஊர்ப் பக்கம் கைமாத்தாக வாங்கும் கடன். மாசா மாசம் 1,200 ரூபாய் வட்டி மட்டும் கட்டுவோம். ரெண்டு வருஷம் கழித்து அசல் 1,20,000-ஐ மொத்தமாகத் திருப்பித் தருவோம். மொத்த வட்டி 28,800. கடைசி நாள் வரை முழுப் பணமும் நம்மிடமே இருந்தது, அதனால் இது நிஜமாகவே 12 சதவீதம்தான்.

இரண்டாவது, குறையும் நிலுவைக் கடன், அதாவது ரெட்யூசிங் பேலன்ஸ். ஒவ்வொரு மாசமும் பாக்கி இருக்கிற அசலுக்கு மட்டும் 1 சதவீதம் வட்டி. இதற்கு இஎம்ஐ சுமார் 5,649 ரூபாய். மொத்த வட்டி சுமார் 15,570. இதுவும் நிஜமான 12 சதவீதமே. அசலை இடையிலேயே திருப்பிக் கொடுத்துக்கொண்டு வருவதால்தான் வட்டி குறைகிறது.

மூன்றாவதுதான் ஃபிளாட் ரேட். 1,20,000-க்கு 12 சதவீதம், ரெண்டு வருஷத்துக்கு 28,800 என்று முதல் நாளே வட்டியைக் கணக்குப் போட்டு அசலோடு கூட்டிவிடுவார்கள். 1,48,800-ஐ 24-ஆல் வகுத்தால் மாசம் 6,200. கவனிங்க: வட்டி முதல் கடனில் உள்ளதைப் போலவே 28,800. ஆனால் அசலை மட்டும் ரெண்டாவது கடனைப் போல மாசா மாசம் திருப்பிக் கொடுக்கிறோம். ரெண்டு பக்கமும் நமக்கு நஷ்டமான பாதியே கையில் வருகிறது.

எங்கே இடிக்கிறது?

ஃபிளாட் கணக்கின்படி 6,200-இல் 5,000 அசல், 1,200 வட்டி. முதல் மாசம் நம் கையில் 1,20,000 இருந்தது, அதற்கு 1,200 சரிதான். பதிமூணாவது மாசம் கையில் 60,000 மட்டுமே இருக்கும், அப்பவும் வட்டி 1,200. கடைசி மாசம் பாக்கி வெறும் 5,000. அதற்கும் அதே 1,200! அந்த ஒரு மாசத்துக்கு மட்டும் பார்த்தால் அது 24 வட்டி.

இதிலிருந்தே ஒரு மனக்கணக்கு கிடைக்கும். நிலுவை 1,20,000-இல் தொடங்கி 5,000 வரை சமமாக இறங்குகிறது, எனவே சராசரி 62,500. வருஷ வட்டி 14,400. இதை 62,500-ஆல் வகுத்தால் 23.04 சதவீதம். சுருக்கமாக: ஃபிளாட் விகிதத்தை 2-ஆல் பெருக்கி, மாசங்களின் எண்ணிக்கையால் பெருக்கி, அந்த எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி வகுக்க வேண்டும். நம்ம கணக்கில் 12 × 2 × 24 ÷ 25.

இது தோராயம்தான், நிஜத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகவே காட்டும். சரியான கணக்கில் ஆரம்ப மாசங்களின் இஎம்ஐயில் வட்டிப் பங்கு அதிகம், அசல் மெதுவாகக் கரையும். அதனால் சராசரி நிலுவை 62,500-க்கு மேலே நிற்கும். நிலுவை கூடினால் விகிதம் குறையும். கடன் காலம் நீள நீள இந்த வித்தியாசமும் பெரிதாகும்.

சரியான விகிதம்

கேள்வி இதுதான்: மாசம் 6,200 வீதம் 24 தவணைகளை எந்த மாத வட்டியில் தள்ளுபடி செய்தால் இன்றைய மதிப்பு 1,20,000 வரும்? இன்ஜினியரிங் எகனாமிக்ஸில் நாம் படித்த அதே ஐஆர்ஆர். இதற்கு நேரடி சூத்திரம் கிடையாது, போட்டுப் பார்த்துத்தான் பிடிக்கணும். அந்த வேலையை எக்ஸெலோ கூகுள் ஷீட்ஸோ செய்துவிடும்:

```
=RATE(24,-6200,120000)*12
```

விடை 0.2157, அதாவது 21.57 சதவீதம். வங்கி ஒன்று "18 சதவீதம், ரெட்யூசிங்" என்று சொன்னால் கேட்கவே பயமாக இருக்கும். ஆனால் அதன் இஎம்ஐ சுமார் 5,991 ரூபாய்தான். "12 சதவீத" ஃபிளாட்டை விட மொத்தத்தில் ஏறக்குறைய 5,000 ரூபாய் மிச்சம்.

இன்னும் முடியவில்லை. பிராசஸிங் ஃபீஸ் 2 சதவீதம், டாக்குமென்ட் செலவு, இன்சூரன்ஸ் என்று 3,600 ரூபாய் பிடித்துக்கொண்டு 1,16,400-ஐத்தான் கையில் தருகிறார்கள் என்று வையுங்கள். இஎம்ஐ மாறாது, கைக்கு வந்த தொகை மட்டும் மாறும்:

```
=RATE(24,-6200,116400)*12
```

இப்போ சுமார் 24.8 சதவீதம். சொன்ன 12, ரெண்டு மடங்கைத் தாண்டிவிட்டது.

பாதியில் முடித்தால்

ஒரு வருஷம் கட்டிவிட்டு, நல்ல ஆர்டர் வந்து கடனை முடிக்கப் போகிறோம். பாதி அசல் போயிருக்கும், 60,000 கட்டினால் போதும் என்று தோன்றும். 21.57 சதவீதத்தில் சரியாகப் பிரித்தால் நிலுவை சுமார் 66,400. ஆனால் சில இடங்களில் மீதி 12 தவணையையும் கூட்டி 74,400 கேட்பார்கள். இனிமேல் நாம் வைத்திருக்கப் போகாத பணத்துக்கும் அதில் வட்டி இருக்கிறது. அதனால் கையெழுத்துக்கு முன்பே, "பன்னெண்டாவது மாசம் முடிச்சா எவ்வளவு கட்டணுங்க?" என்று கேட்டு எழுதி வாங்கிக்கணும்.

எந்தத் தாளைக் கேட்பது?

ரிசர்வ் வங்கி 2024 ஏப்ரல் 15-ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. 2024 அக்டோபர் 1 முதல் வங்கிகளும் ஃபைனான்ஸ் நிறுவனங்களும் தரும் புதிய சில்லறைக் கடன்களுக்கும் சிறுதொழில் டேர்ம் லோன்களுக்கும் கீ ஃபேக்ட்ஸ் ஸ்டேட்மென்ட் தர வேண்டும். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அது இருக்க வேண்டும். அதில் ஏபிஆர் என்ற வரிதான் முக்கியம். கட்டணங்களையும் சேர்த்து, குறையும் நிலுவை முறையில் போட்ட வருடாந்திரச் செலவு அது. நாம் மேலே கண்டுபிடித்த 24.8 அங்கேதான் தெரிய வேண்டும். இந்தத் தாளில் இல்லாத கட்டணத்தை, கடன் வாங்கியவரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் பிறகு வசூலிக்கவும் முடியாது.

பதிவு இல்லாத தனியார் வட்டிக்கடையில் இந்தத் தாள் கிடைக்காது. அங்கே மூணே மூணு எண்களைக் கேளுங்கள்: கைக்கு எவ்வளவு வரும், மாசம் எவ்வளவு, எத்தனை மாசம். அவர் சொல்லும் சதவீதத்தை விட்டுவிட்டு, இந்த மூன்றையும் மேலே உள்ள வரியில் போடுங்கள். தவணை வாரவாரம் என்றால் 12-க்குப் பதில் 52-ஆல் பெருக்குங்கள்.