அகன்ற திரையில் மூன்று பத்திகள்: விரும்பிய அகலத்தில் அமைக்கும் விதம்

குறுக்கே 3440 பிக்சலும் உயரத்தில் 1440 பிக்சலும் கொண்ட 34 அங்குல மானிட்டர் ஒன்றை வாங்கி மேஜைமேல் நிறுத்தியவர், முதல் சில நாட்களின் பிரமிப்பு அடங்கியபின், அத்தனை விஸ்தாரத்தையும் எப்படிப் பங்கிடுவது என்ற கேள்விக்கு வந்து சேருகிறார். திரையைச் சரிபாதியாகப் பிரித்தால் இரு சாளரங்கள் சந்திக்கும் கோடு நேராக மூக்குக்கு எதிரே வந்து நிற்கும். முக்கியமாகப் பார்க்க வேண்டியது எதுவோ அது இடமோ வலமோ ஒதுங்கிப்போக, நாள் முழுவதும் கழுத்தைத் திருப்பியே வேலை செய்ய நேரும். மூன்று சமபாகமாக்கினாலோ, எழுதும் சாளரத்துக்கு இடம் போதாமலும், கடிதப் பெட்டிக்கு வேண்டாத இடம் மிஞ்சியும் போகும். விண்டோஸ் 11 தன் பங்குக்கு Win+Z விசைகளை அழுத்தியதும் சில ஆயத்தப் பங்கீடுகளைக் காட்டுகிறது. சாளரங்களை அவற்றில் பொருத்தி, இடைக்கோட்டை இழுத்து அகலத்தை மாற்றவும் முடியும். ஆனால் அப்படி மாற்றிய அகலம் ஒரு நிரந்தர ஏற்பாடாக நிலைப்பதில்லை. நாம் நிர்ணயித்த அகலம் நிலைத்திருக்க வேண்டுமாயின், மைக்ரோசாப்ட் நிறுவனமே இலவசமாக அளிக்கும் பவர்டாய்ஸ் தொகுப்பிலுள்ள ஃபேன்சிசோன்ஸ் என்னும் கருவியே தக்க உபாயம்.

கருவியைத் தொடுவதற்கு முன், ஒவ்வொரு பத்திக்கும் எத்தனை பிக்சல் வேண்டும் என்று தீர்மானித்துக்கொள்வது அவசியம். மொழிபெயர்ப்பாளர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். இடப்புறம் மூலநூலின் பக்கம், நடுவில் அவர் எழுதிவரும் பிரதி, வலப்புறம் இணைய அகராதியும் கடிதங்களும் என்பது அவர் விரும்பும் ஒழுங்கு. அகராதிச் சாளரத்தைச் சிறிது சிறிதாகக் குறுக்கிக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் பக்கத்தின் மேலிருந்த பட்டியல் மறைந்து மூன்று கோடுகள் மட்டும் மிஞ்சும், அதாவது கைப்பேசிக்கு உரிய தோற்றத்துக்கு அந்தப் பக்கம் மாறிவிடும். அதற்குச் சற்று முந்திய அகலமே அப்பத்தியின் குறைந்தபட்சத் தேவை. அந்நிலையில் Alt+PrtScn அழுத்திச் சாளரத்தைப் படமெடுத்து, பெயிண்ட் நிரலில் ஒட்டினால், ஒட்டிய படத்தின் அளவு கீழ்ப்பட்டையில் பிக்சல் கணக்கில் தெரியும். நம் மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கப் பத்திகள் ஒவ்வொன்றுக்கும் 960 பிக்சல் போதும் என்று கண்டதாக வைத்துக்கொண்டால், நடுப்பத்திக்கு 1520 மிஞ்சுகிறது. எழுதுவதற்கு அது தாராளமான அகலம்.

இங்கே ஒரு சூட்சுமம் உண்டு. திரையின் எழுத்துகளைப் பெரிதாக்க 125 சதவீதம் என்று அமைத்திருப்பவருக்கு, 960 பிக்சல் என்பது நிரல்களின் கண்ணுக்கு 768 ஆகவே தோன்றும். ஆகையால் பெரிதாக்கும் அளவை முதலில் முடிவு செய்துவிட்டு, அதன் பிறகே அகலங்களை அளக்க வேண்டும். வரிசை மாறினால் அளந்ததெல்லாம் வீண்.

பவர்டாய்ஸை நிறுவுவதற்குக் கட்டளைச் சாளரத்தில் இந்த ஒரு வரி போதுமானது:

```
winget install Microsoft.PowerToys --source winget
```

நிறுவியபின் அதன் அமைப்புகளில் ஃபேன்சிசோன்ஸ் இயக்கப்பட்டிருப்பதை உறுதி செய்துகொண்டு, Win+Shift+` ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் பங்கீட்டைத் திருத்தும் திரை எழும். ஒன்றுக்கு மேற்பட்ட மானிட்டர் இருந்தால், அகன்ற மானிட்டரை அதில் முதலில் தேர்ந்தெடுக்க வேண்டும். "Create new layout" என்பதை அழுத்தினால் இரண்டு வகைகள் முன்வைக்கப்படும். அவற்றுள் Canvas என்பது ஒன்றன்மேல் ஒன்று கவிந்து கிடக்கும் பகுதிகளுக்கானது. பத்திகளுக்கு உகந்தது Grid. ஒரு பெயரைச் சூட்டி உள்ளே சென்றால் திரை கட்டங்களாகத் தெரியும். மௌஸைக் கட்டத்தின்மீது நகர்த்தும்போது தோன்றும் கோடு கிடையாகவோ செங்குத்தாகவோ இருக்கலாம். Shift விசையைப் பிடித்தால் அதன் திசை மாறும். வேண்டிய இடத்தில் கிளிக் செய்தால் கட்டம் அங்கே பிளவுபடும். தேவைக்கு மேல் கட்டங்கள் இருந்தால், அவற்றின் குறுக்கே மௌஸை இழுத்து ஒன்றாக இணைத்துவிடலாம். செங்குத்தான மூன்று பத்திகள் மட்டும் நிற்கும்படி செய்து, இடைக்கோடுகளை உத்தேசமாக இழுத்து வைத்துச் சேமித்தால், ஆரம்ப வேலை முடிந்தது.

உத்தேசம் என்று சொன்னதற்குக் காரணம், மௌஸால் இழுத்து 960 என்ற எண்ணில் துல்லியமாக நிறுத்துவது பொறுமையைச் சோதிக்கும் காரியம் என்பதே. ஃபேன்சிசோன்ஸ் தன் பங்கீடுகளை `%LOCALAPPDATA%\Microsoft\PowerToys\FancyZones` என்ற உறையில் `custom-layouts.json` என்ற கோப்பில் எழுதி வைக்கிறது. அதில் பத்திகளின் அகலங்கள் பிக்சலாக அன்றி, மொத்த அகலத்தைப் பதினாயிரம் பங்காகக் கொண்ட விகிதமாகவே பதிவாகின்றன. 960ஐ 3440ஆல் வகுத்துப் பதினாயிரத்தால் பெருக்கினால் 2790.7, முழு எண்ணாக்கினால் 2791. அதை இருமுறை கழித்தபின் மிஞ்சும் 4418 நடுப்பத்திக்கு உரியது. பவர்டாய்ஸிலிருந்து முற்றிலும் வெளியேறி, கோப்பின் பிரதி ஒன்றைத் தனியே வைத்துவிட்டு, நாம் சூட்டிய பெயரைத் தேடி, அதன்கீழ் உள்ள வரியை இவ்வாறு மாற்ற வேண்டும்:

```
"columns-percentage": [2791, 4418, 2791],
```

மூன்று எண்களின் கூட்டுத்தொகை 10000 ஆக இருப்பது அவசியம். பின்னர் பவர்டாய்ஸை மீண்டும் இயக்கி, திருத்தும் திரைக்குச் சென்று, அந்தப் பங்கீட்டின்மேல் கிளிக் செய்து நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். அங்கேயே பத்திகளுக்கு நடுவில் விடப்படும் இடைவெளியையும் கவனிப்பது நல்லது. அது அழகுக்கென்று விடப்படுவதாயினும், அந்த இடம் பத்திகளின் அகலத்திலிருந்தே எடுக்கப்படுவதால், பிக்சல் கணக்கில் கறாராக இருப்பவர் அதை நீக்கிவிடுவதே மேல் என்பது என் அபிப்பிராயம்.

இனிப் பிரயோகம் எளிது. சாளரத்தின் தலைப்புப் பட்டையைப் பிடித்து இழுக்கத் தொடங்கிய பின்னர் Shift விசையை அழுத்தினால் மூன்று பத்திகளும் நிழல்போலத் தோன்றும். எந்தப் பத்தியின்மேல் விடுகிறோமோ அதன் அகலத்துக்குச் சாளரம் தன்னைச் சரிப்படுத்திக்கொள்ளும். பெரிய அட்டவணை ஒன்றைப் பார்க்க இரு பத்திகளின் இடம் வேண்டுமானால், கூடவே Ctrl விசையையும் பிடித்தபடி இரண்டின்மேலும் கடந்து சென்றால் அவ்விரண்டும் சேர்ந்து ஒளிரும். மௌஸை விரும்பாதவர்கள் அமைப்புகளில் "Override Windows Snap" என்பதை இயக்கிவிட்டால், Win விசையோடு இட வல அம்புக்குறிகளை அழுத்தியே சாளரத்தைப் பத்திக்குப் பத்தி நகர்த்தலாம். நான் இதையே சிலாக்கியமாகக் கருதுகிறேன்.

Shift அழுத்தியும் பத்திகள் தோன்றவில்லையெனில், பெரும்பாலும் அந்த மானிட்டருக்குப் பங்கீடு தேர்ந்தெடுக்கப்படாமல் இருக்கும். குறிப்பிட்ட ஒரு நிரலுக்கு மட்டும் இந்தப் பிணக்கு நேர்ந்தால், அந்நிரல் நிர்வாகி உரிமையோடு ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அத்தகைய சாளரத்தை, பவர்டாய்ஸும் அதே உரிமையோடு ஓடினாலன்றி, அசைக்க இயலாது. சாளரம் பத்தியில் விழுந்தும் அதன் ஓரம் அடுத்த பத்தியின்மேல் படர்ந்து நின்றால், குற்றம் நம் கணக்கில் இல்லை. அந்நிரல் தனக்கென ஒரு குறைந்தபட்ச அகலத்தை விதித்துக்கொண்டிருக்கிறது. அதற்கு மேல் அதைக் குறுக்க ஃபேன்சிசோன்ஸுக்கு அதிகாரமில்லை. பத்தியை அகலப்படுத்துவது, அல்லது அந்நிரலை நடுப்பத்திக்கு மாற்றுவது என்ற இரண்டில் ஒன்றே வழி.

இப்பத்திகள் தனித்தனி மானிட்டர்கள் ஆகிவிடுவதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு காணொளியை முழுத்திரையாக்கினால் அது 3440 பிக்சலையும் எடுத்துக்கொள்ளும். இணையவழிக் கூட்டத்தில் முழுத் திரையையும் பகிர்ந்தால், எதிரே இருப்பவரின் சிறிய மடிக்கணினியில் அது எறும்பெழுத்தாகத் தெரியும். ஆகவே கூட்டங்களில் நடுப்பத்தியிலுள்ள சாளரத்தை மட்டும் தேர்ந்தெடுத்துப் பகிருங்கள்.