கொள்முதல் காலத்தில் கையொப்ப அதிகாரம்: உழவர் உற்பத்தியாளர் கம்பெனிகள் நிறைவேற்ற வேண்டிய தீர்மானம்

உழவர் உற்பத்தியாளர் கம்பெனியின் இயக்குநர் குழு மூன்று மாதத்திற்கு ஒரு முறையேனும் கூட வேண்டும் என்பது சட்டம். நிலக்கடலை வரத்தோ மூன்று நான்கு வாரங்களில் முடிந்துவிடும். ஆகவே கொள்முதல் நிலையத்தில் மூட்டையுடன் வந்து நிற்கும் உழவருக்கு விலை சொல்ல வேண்டியவர் யார், பணம் கொடுக்க ஒப்புதல் தர வேண்டியவர் யார், காசோலையில் கையொப்பமிட வேண்டியவர் யார் என்பதை வரத்து தொடங்குவதற்கு முன்னரே எழுதி வைத்தாக வேண்டும். இவ்வாறு எழுதி வைப்பதே அதிகார ஒப்படைப்புத் தீர்மானம் ஆகும்.

இத்தீர்மானம் இல்லாத இடத்தில் வேலை நின்றுவிடுவதில்லை. அதுதான் தொல்லை. தலைவர் பத்து காசோலைத் தாள்களில் முன்கூட்டியே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டுத் தம் வயலுக்குப் போய்விடுவார். அதன் பிறகு இரண்டு கையொப்பம் என்ற காப்பு பெயரளவில் மட்டுமே நிற்கும்.

எதை ஒப்படைக்கலாம்? எதை ஒப்படைக்கக் கூடாது?

உற்பத்தியாளர் கம்பெனிகளுக்கான விதிகள் 2002-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் வாயிலாகப் பழைய 1956-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் சேர்க்கப்பட்டன. இப்பொழுது அவை 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தில் 378 என்ற எண்ணுடன் தொடங்கும் பிரிவுகளாக உள்ளன. இவற்றில் மூன்று பிரிவுகளைத் தெரிந்து கொண்டால் தீர்மானம் எழுதப் போதுமானது.

பிரிவு 378-ஆர், குழுவுக்கே உரிய அதிகாரங்களைச் சொல்கிறது. புதிய உறுப்பினரைச் சேர்த்தல், முதன்மைச் செயல் அலுவலரை நியமித்தல், சொத்து வாங்குதலும் விற்றலும், நிதியை முதலீடு செய்தல், உறுப்பினருக்குக் கடனோ முன்பணமோ அனுமதித்தல் ஆகியவை அதில் அடங்கும். இவற்றைக் குழு தன் கூட்டத்தில் நிறைவேற்றும் தீர்மானத்தின் மூலமே செய்ய வேண்டும். எனவே விதைக்கடலைக்கு முன்பணம் கொடுப்பதாக இருந்தால், யாருக்கு எவ்வளவு என்ற பட்டியல் கூட்டத்தில் நிறைவேற வேண்டும். பட்டியலில் உள்ளவருக்குப் பணத்தை அனுப்புவது மட்டுமே முதன்மைச் செயல் அலுவலரின் பணி. 'ரூ.25,000 வரை அவரே கடன் அனுமதிக்கலாம்' என்று எழுதினால் அது செல்லாது. இயக்குநருக்கோ அவருடைய உறவினருக்கோ கடன் கொடுப்பதானால் பொதுக்குழுவின் ஒப்புதலும் வேண்டும்.

பிரிவு 378-டபிள்யூ, முதன்மைச் செயல் அலுவலரைப் பற்றியது. அவர் உறுப்பினர் அல்லாதவராக இருக்க வேண்டும். அன்றாட நிர்வாகம், குழுவின் ஒப்புதலுக்கு உட்பட்டு வங்கிக் கணக்கை இயக்குதல், குழு அனுமதித்த ஆவணங்களில் கையொப்பமிடுதல் ஆகியவை அவர் பணிகள். கம்பெனியில் பங்கு இல்லாத ஒருவர் உழவர்களின் பணத்தைக் கையாளுகிறார் என்பதாலேயே அவருக்குரிய எல்லையைத் தெளிவாக எழுத வேண்டியிருக்கிறது.

மூன்றாவதாகிய பிரிவு 378-யு பலர் கண்ணில் படுவதில்லை. குழு தனக்கு உதவியாகத் துணைக்குழுக்களை அமைக்கலாம். ஆனால் தன் அதிகாரத்தையோ முதன்மைச் செயல் அலுவலரின் அதிகாரத்தையோ துணைக்குழுவுக்குக் கொடுக்கக் கூடாது. மற்ற கம்பெனிகளின் மாதிரித் தீர்மானத்தைப் பார்த்து, 'ரூ.1 இலட்சம் வரை கொள்முதல் துணைக்குழு ஒப்புதல் அளிக்கும்' என்று அப்படியே எழுதிவிடுகிறார்கள். உற்பத்தியாளர் கம்பெனியில் இது பொருந்தாது. துணைக்குழு பரிந்துரை செய்யலாம், அத்துடன் சரி.

கொள்முதலுக்கு ரூபாய் எல்லை பொருந்தாது

'முதன்மைச் செயல் அலுவலர் ஒரு முறைக்கு ரூ.50,000 வரை செலவிடலாம்' என்ற ஒற்றை வரியே பெரும்பாலான தீர்மானங்களில் காணப்படும். நிலக்கடலை வாங்கும் கம்பெனியில் இந்த வரி என்ன செய்யும் என்று கணக்கிட்டுப் பார்ப்போம்.

குவிண்டால் விலை ரூ.7,000 என்று வைத்துக் கொள்வோம். ஓர் உறுப்பினர் 15 குவிண்டால் கொண்டு வருகிறார். அவருக்குச் சேர வேண்டியது ரூ.1,05,000. இது எல்லைக்கு மேற்பட்டது. தலைவர் ஊரில் இல்லை. உறுப்பினரைத் திருப்பி அனுப்பினால் அவர் வழியிலேயே வியாபாரியிடம் போட்டுவிடுவார். எனவே அலுவலகத்தில் தலா 5 குவிண்டால், தலா ரூ.35,000 என்று மூன்று பட்டியல்கள் எழுதப்படும். எழுதியவரிடம் கெட்ட எண்ணம் ஏதுமில்லை. ஆனால் பட்டியலைப் பிரித்து எழுதும் பழக்கம் அன்று முதல் அலுவலகத்தில் குடியேறிவிடும். பின்னர் ஒருநாள் மேசை நாற்காலி வாங்கும் பட்டியலும் அவ்வாறே பிரியும்.

குற்றம் எல்லை சிறியது என்பதில் மட்டும் இல்லை. விளைபொருள் கொள்முதலையும் அலுவலகச் செலவையும் ஒரே அளவுகோலால் அளந்ததே குற்றம். அலுவலகச் செலவில் பணம் போனால் போனதுதான். ஆகவே அதற்கு ரூபாய் எல்லை வேண்டும். கொள்முதலில் பணம் சரக்காக மாறிக் கிடங்கில் நிற்கிறது. அங்கே இழப்பு வருவது கூடுதல் விலை கொடுப்பதாலும், தரம் குறைந்ததை எடுப்பதாலும், விற்க முடிந்ததைவிட அதிகம் வாங்குவதாலும்தான். எல்லையையும் அங்கேதான் போட வேண்டும். உறுப்பினர் கொண்டு வரும் பொருளுக்கு முதலில் கொடுக்க வேண்டிய விலையைக் குழுவே தீர்மானிக்க வேண்டும் என்று சட்டமும் சொல்கிறது.

ஆகவே கொள்முதல் பகுதியைக் கீழ்க்கண்டவாறு எழுதலாம். அளவுகள் எடுத்துக்காட்டுக்காகக் கொடுக்கப்பட்டவை.

'இப்பருவத்தில் ஈரப்பதம் 8 சதத்திற்கு மேற்படாத நிலக்கடலையைக் குவிண்டாலுக்கு ரூ.7,000-க்கு மிகாத விலையில், நாளொன்றுக்கு 40 குவிண்டாலுக்கு மேற்படாமலும், பருவம் முழுவதற்கும் 600 குவிண்டாலுக்கு மேற்படாமலும் உறுப்பினர்களிடமிருந்து வாங்க முதன்மைச் செயல் அலுவலருக்கு அதிகாரம் அளிக்கப்படுகிறது. விற்பனையாகாமல் கையிருப்பில் உள்ள சரக்கு 150 குவிண்டாலை எட்டியதும் கொள்முதல் நிறுத்தப்பட வேண்டும். பணம் உறுப்பினரின் வங்கிக் கணக்கில் மட்டுமே செலுத்தப்பட வேண்டும்.'

600 குவிண்டால் என்பது ரூ.42 இலட்சம். தொகையைக் கேட்டதும் இயக்குநர்கள் தயங்குவார்கள். ஆனால் கையிருப்பு எல்லை இருப்பதால் எந்த நேரத்திலும் சரக்கில் முடங்கும் பணம் ரூ.10.5 இலட்சத்தைத் தாண்டாது. கடனுக்கு விற்ற வகையில் வர வேண்டிய பாக்கிக்கு மட்டும் தனி எல்லை வேண்டும். இனி 15 குவிண்டாலுக்கு ஒரே பட்டியல், ஒரே எடை ரசீது எழுதலாம். சந்தை விலை ரூ.7,000-க்கு மேல் ஏறிவிட்டால் முதன்மைச் செயல் அலுவலர் தாமாக விலையை உயர்த்தக் கூடாது. குழுக் கூட்டத்திற்கு 7 நாள் முன்னறிவிப்பு வேண்டுமென்றாலும், காரணத்தை எழுதி வைத்துக் குறைந்த கால அறிவிப்பிலும் கூட்டலாம். ஒன்பது இயக்குநர்கள் உள்ள குழுவில் மூவர் வந்தால் கூட்டம் செல்லும்.

அலுவலகச் செலவுக்கு வேறு பத்தி எழுத வேண்டும். ஒரு செலவுக்கு ரூ.10,000, மாதத்திற்கு மொத்தம் ரூ.60,000 வரை முதன்மைச் செயல் அலுவலர் தாமே செய்யலாம். அதற்கு மேல் ரூ.50,000 வரையிலான ஒரு செலவுக்குத் தலைவரின் எழுத்து மூலமான இசைவு வேண்டும். அதற்கும் மேல் குழுவுக்கு வர வேண்டும் என்பது ஒரு நடுத்தரக் கம்பெனிக்கு ஒத்து வரும். 'ஒரே பொருளை ஒரே நபரிடம் 30 நாட்களுக்குள் வாங்கினால் அது ஒரே செலவாகக் கருதப்படும்' என்ற வரியையும் மறக்காமல் சேர்க்க வேண்டும்.

விற்பனை ஒப்பந்தத்தில் எந்தத் தொகையைப் பார்ப்பது?

செலவுக்கு எல்லை போடும் பலர் விற்பனைக்குப் போடுவதில்லை. பணம் வருவதுதானே என்று இருந்துவிடுகிறார்கள். சென்னை ராஜா அண்ணாமலைபுரத்தில் உள்ள ஓர் அங்காடி மாதம் 300 லிட்டர் செக்குக் கடலெண்ணெய் கேட்கிறது என்று வைத்துக் கொள்வோம். லிட்டர் ரூ.250, ஓராண்டுக்கு ஒப்பந்தம், 45 நாள் கடன். அங்காடிக்காரர், கையொப்பமிடுபவருக்கு அதிகாரம் அளித்த தீர்மானத்தின் சான்றளிக்கப்பட்ட நகலைக் கேட்பார். அவர் கேட்பது சரியே. அதிகாரம் இல்லாதவர் இட்ட கையொப்பத்தை நாளைக்குக் கம்பெனி மறுத்தால் வழக்காடுவது அவர்தானே!

'முதன்மைச் செயல் அலுவலர் ரூ.1 இலட்சம் வரையிலான விற்பனை ஒப்பந்தங்களில் கையொப்பமிடலாம்' என்று தீர்மானம் இருக்கிறது. மாதச் சரக்கு ரூ.75,000 ஆதலால் இது அவர் எல்லைக்குள் வருமா? வராது. ஒப்பந்தம் கம்பெனியைக் கட்டுவது ரூ.9 இலட்சத்திற்கு. கடலை விலை ஆடியில் ஏறினாலும் அதே ரூ.250-க்கு எண்ணெய் கொடுத்தாக வேண்டும். எனவே 'ஒப்பந்தக் காலம் முழுவதற்குமான மொத்த மதிப்பு' என்ற சொற்கள் தீர்மானத்தில் இடம்பெற வேண்டும். கடனுக்கும் இவ்வாறே. 45 நாள் கடன் என்றால் ஒரே வாடிக்கையாளரிடம் ஏறத்தாழ ரூ.1,12,500 நிலுவையாக நிற்கும். ஒருவரிடம் நிற்கலாகும் அதிகபட்சக் கடன் எவ்வளவு, எத்தனை நாள் என்பதைத் தனியாக வரையறுக்க வேண்டும்.

கையொப்பம் வேறு, ஒப்புதல் வேறு

வாங்கலாம் என்று ஒப்புதல் கொடுப்பவர், சரக்கைப் பெற்று எடை ரசீது எழுதுபவர், பணத்தை விடுவிக்கும் கையொப்பக்காரர் ஆகிய மூவரும் ஒருவராகிவிடக் கூடாது. சிறிய கம்பெனியில் மூவர் கிடைக்கமாட்டார்கள் என்றால், எடை போடுபவராவது வேறு ஒருவராக இருக்கட்டும்.

வங்கியில் கொடுத்துள்ள கையொப்ப அதிகாரக் கடிதமும் தீர்மானமும் ஒத்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். தீர்மானத்தில் 'தலைவரும் முதன்மைச் செயல் அலுவலரும் இணைந்து' என்றும், வங்கிக் கடிதத்தில் 'இருவரில் ஒருவர்' என்றும் இருந்தால், வங்கி தன் கடிதப்படிதான் பணம் கொடுக்கும்.

இணையவழி வங்கிச் சேவையில் ஒருவர் விவரத்தை உள்ளிட, மற்றொருவர் ஒப்புதல் தரும் முறை உண்டு. தலைவருக்கு வர வேண்டிய ஒருமுறைக் கடவுச்சொல் கணக்கரின் கைபேசிக்கு வருமாறு பதிந்திருந்தால், அது முன்கூட்டியே கையொப்பமிட்ட காசோலைப் புத்தகத்தின் புதிய வடிவமே ஆகும். யாருடைய கைபேசி எண் பதியப்பட்டுள்ளது என்பதைத் தீர்மானத்திலேயே குறிப்பது நல்லது.

எல்லை மீறப்படுவதை எவ்வாறு அறிவது?

இயக்குநர்கள் காலாண்டுக் கூட்டத்திற்கு முன்னர் பட்டியல் கோப்பை ஒரு மணி நேரம் புரட்டினால் போதும். எல்லை ரூ.10,000 என்றால் ரூ.9,800, ரூ.9,950 என்ற தொகைகள் அடிக்கடி வருகின்றனவா? ஒரே கடையின் அடுத்தடுத்த எண்ணுள்ள பில்கள் ஒரே வாரத்தில் உள்ளனவா? காசோலை அடிக்கட்டையில் பெயரோ தொகையோ எழுதாமல் விடப்பட்டுள்ளதா? ஒவ்வொரு கூட்டத்திலும் 'ஏற்கெனவே செய்த செலவுக்குப் பின்னேற்பு' என்ற பொருள் நிகழ்ச்சி நிரலில் வருகிறதா? கடைசியில் சொன்னது எப்போதோ ஒருமுறை வரலாம். தவறாமல் வந்தால், எல்லை வேலைக்குப் பொருந்தவில்லை அல்லது யாரும் அதை மதிக்கவில்லை. எது உண்மை என்று கேட்டுத் தெரிந்து திருத்த வேண்டும். சட்டத்துக்கோ கம்பெனியின் அமைப்பு விதிகளுக்கோ மாறான செயலுக்கு வாக்களித்த இயக்குநர்கள், அதனால் வரும் இழப்பைச் சேர்ந்தும் தனித்தும் ஈடுசெய்ய வேண்டும் என்று சட்டம் சொல்கிறது.

தீர்மானத்தில் அதிகாரத்தைப் பதவிக்குக் கொடுக்க வேண்டும். வங்கிக் கடிதத்தில் ஆளின் பெயரும் மாதிரிக் கையொப்பமும் இருக்கும். பதவியில் இருப்பவர் மாறும் அன்றே பழைய கையொப்பத்தை நீக்கும் கடிதத்தை வங்கிக்குக் கொடுத்து, ஒப்புகை பெற்று, அதன் நகலைத் தீர்மானத்துடன் சேர்த்து வைக்க வேண்டும். கொள்முதல் பத்திக்கு முடியும் தேதி கட்டாயம். பருவம் முடிந்ததும் அந்த அதிகாரம் தானே முடிந்துவிடும். அடுத்த பருவத்திற்குப் புதிய விலை, புதிய அளவுடன் குழு மறுபடியும் தீர்மானிக்கலாம்.