பிரஷர் மாத்திரையும் கிரியேட்டின் பவுடரும்: கேட்ட தம்பிக்குப் பதில்

தம்பி, நேற்று சாயங்காலம் என் மருந்துக் கடையில் கூட்டம் நெருக்கும்போது கேட்டீர்கள். "டெல்மிசார்டன் போடுறேன், கூடவே கிரியேட்டின் சாப்பிடலாமாண்ணே?" என்று. பக்கத்தில் நின்றவர் நான் வாயைத் திறக்கும் முன்பே "கிட்னி போயிடும்" என்று தீர்ப்பு சொல்லிவிட்டார். அந்தச் சத்தத்தில் பேசிப் பயனில்லை என்றுதான் எழுதித் தருகிறேன் என்றேன்.

நேரான பதில்: கிரியேட்டினுக்கும் டெல்மிசார்டனுக்கும் நேரடிச் சண்டை இருப்பதாக எதுவும் நிறுவப்படவில்லை. சிறுநீரகம் நன்றாக இருக்கிறவர் நாளுக்கு 3 முதல் 5 கிராம் சாப்பிட்டால் சிறுநீரகம் கெடுவதில்லை என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன. ஆனால் அந்த ஆய்வுகளில் பெரும்பாலானவை பிரஷர் இல்லாத, மாத்திரை போடாத ஆட்களை வைத்துச் செய்தவை. அதனால் "சாப்பிடு" என்று நான் சொல்ல மாட்டேன், "ஐயோ" என்றும் சொல்ல மாட்டேன். "முதலில் ரத்தம் கொடுத்துவிட்டு வா" என்பேன். இந்த ஒரு வரியைக் கேட்காததால் நம்ம ஊரிலேயே ஒருவர் பட்ட பாட்டையும், அதில் என் கடை வாங்கிய பெயரையும் சொல்கிறேன்.

அவருக்கு வயது 38. பிரஷருக்கு டெல்மிசார்டன் 40, கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு 12.5, இரண்டும் ஒரே மாத்திரையில். உங்கள் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'எச்' என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் அதுதான். சிறுநீரை அதிகம் போகவைத்து பிரஷரைக் குறைக்கிற மருந்து அது. 'ஏஎம்' என்று இருந்தால் அம்லோடிபின் கலந்தது, அதன் கதை வேறு. மாத்திரை பெயரைக் கேட்டால் "வெள்ளையா சின்னதா இருக்கும்" என்கிற ஊர் இது. அந்த ஓர் எழுத்தில்தான் இந்த விஷயத்தின் பாதி இருக்கிறது.

அவர் ஜிம்முக்குப் போக ஆரம்பித்தார். பயிற்சி சொல்லிக் கொடுத்தவர் கிரியேட்டின் டப்பாவைக் கையில் கொடுத்து, முதல் வாரம் நாளுக்கு 20 கிராம், நாலு வேளையாகப் பிரித்துக் குடி என்றிருக்கிறார். 'லோடிங்' என்பார்கள். தசை சீக்கிரம் நிரம்பும், அவ்வளவுதான். 3 கிராமாகச் சாப்பிட்டாலும் மூன்று நாலு வாரத்தில் அதே நிலை வந்துவிடும். போட்டிக்குப் போகிறவனுக்கு அவசரம் இருக்கலாம், கரும்பு வெட்டுக்கு ஆள் விட்டுவிட்டு சாயங்காலம் ஜிம்முக்கு வருகிறவருக்கு என்ன அவசரம்? டப்பா சீக்கிரம் தீர்ந்தால் யாருக்கு லாபமோ அவர்களுக்குத்தான் அவசரம்.

சித்திரை வெயில், புது உடற்பயிற்சி, இடுப்பில் பிடிப்பு. வீட்டில் பெரியவர் முட்டிவலிக்கு வைத்திருந்த மாத்திரையைக் காலையும் இரவும் போட்டிருக்கிறார். பத்து நாள் கழித்துக் கால் தளர்ந்தது, சிறுநீர் குறைந்தது. ஒரு கிளினிக்கில் ரத்தம் எடுத்தார்கள். கிரியேட்டினின் 1.6. வயதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் வடிகட்டும் திறன் சுமார் 56. அறுபதுக்குக் கீழே இறங்கிவிட்டது. "பவுடர் சாப்பிட்டு கிட்னியைக் கெடுத்துக்கிட்டீங்க, டயாலிசிஸ் வரைக்கும் போகலாம்" என்று அங்கே சொல்லியிருக்கிறார்கள். வீட்டில் அழுகை. மறுநாள் அவர் மாமனார் என் கடை வாசலில் நின்று சத்தம் போட்டார், பவுடர் விற்றது நான்தான் என்று. என் கடையில் அந்த டப்பா என்றைக்கும் இருந்ததில்லை. சொன்னாலும் யார் கேட்கிறார்கள்?

நான் கேட்டது ஒரே கேள்வி: "பவுடருக்கு முன்னாடி எப்பவாவது கிரியேட்டினின் பார்த்தீங்களா?" பார்க்கவில்லை. நாலு வருஷமாக பிரஷர் மாத்திரை, ஒரு தடவைகூட அந்த டெஸ்ட் இல்லை. அவருக்கு அதிகம் செலவு வைத்தது இதுதான். பழைய எண் ஒன்று கையில் இருந்திருந்தால், 1.6 என்பது புதிதாக ஏறியதா, வருஷக் கணக்காக அப்படியே இருந்ததா என்பது பார்த்தவுடன் தெரிந்திருக்கும். அது இல்லாததால் புதுச்சேரி வரை அலைச்சல், ஸ்கேன், இரவெல்லாம் தூக்கமில்லை.

அந்த எண்ணைப் பற்றி ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். தசையில் இருக்கிற கிரியேட்டினில் நாளுக்கு நூற்றுக்கு ஒன்றரை, இரண்டு பங்கு தானாகவே கிரியேட்டினின் ஆக மாறி ரத்தத்துக்கு வருகிறது. அதைச் சிறுநீரகம் வெளியே தள்ளுகிறது. ரத்தத்தில் அது கூடினால் தள்ளுகிற வேலை மந்தம் என்று டாக்டர்கள் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் வெளியிலிருந்து கிரியேட்டினைக் கொட்டினால் உற்பத்தியே கூடுகிறது. சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்யும்போதே எண் கொஞ்சம் ஏறிக் காட்டும். முதல் நாள் கறி விருந்து, கடுமையான பயிற்சி இருந்தாலும் இதே கதைதான். பவுடர் சாப்பிடுவதை டாக்டரிடம் மறைத்தால், இல்லாத வியாதிக்கு வைத்தியம் நடக்கும்.

அதற்காக அவருடைய 1.6 முழுக்கப் பொய் என்று நான் சொல்லவில்லை. "பவுடர் சாப்பிட்டா அப்படித்தான் காட்டும், விடு" என்று ஜிம்மில் சொன்னார்களாம். அதுவும் தப்பு. இடுப்பு வலிக்குப் போட்ட மாத்திரை அட்டையைக் கொண்டு வரச் சொன்னேன். "பாரசிட்டமால்தான்" என்று நீட்டினார். பின்பக்கம் வெள்ளித் தாளில் பொடி எழுத்தில் அசெக்ளோஃபெனாக் 100, அதற்குக் கீழேதான் பாரசிட்டமால் 325. ஆள் அகப்பட்டுவிட்டான் என்று அப்போதே தெரிந்தது.

சிறுநீரகத்தில் ரத்தம் வடிகிற இடத்தை வயலாக நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் வருகிற மடை ஒன்று, போகிற மடை ஒன்று. டெல்மிசார்டன் போகிற மடையை அகலமாக்கி உள்ளே அழுத்தத்தைக் குறைக்கும், அது நல்லதுக்குத்தான். அசெக்ளோஃபெனாக், டைக்ளோஃபெனாக், இபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் வருகிற மடையைச் சுருக்கிவிடும். 'எச்' மருந்தும் வெயிலில் வடிந்த வியர்வையும் சேர்ந்து வாய்க்காலில் தண்ணீரையே குறைத்துவிடும். மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால் வடிப்பதற்கு அழுத்தம் ஏது? அவருக்குச் சிறுநீர் குறைந்தது அதனால்தான். பவுடர் மட்டும் சாப்பிட்டிருந்தால் எண் ஏறியிருக்கும், சிறுநீர் குறைந்திருக்காது. போதாததற்கு இந்த வலி மாத்திரைகள் பிரஷரையும் ஏற்றிவிடும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். புதுச்சேரியில் பார்த்த டாக்டர் வலி மாத்திரையையும் பவுடரையும் நிறுத்தி, பிரஷர் மாத்திரையைக் கொஞ்ச நாளைக்கு மாற்றிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் 1.1, திறன் 88. சிறுநீரில் புரதம் இல்லை. பழைய மாத்திரையும் திரும்ப வந்தது. அப்புறம் அவர் பிடிவாதமாகக் கேட்டதால், லோடிங் கூடாது, நாளுக்கு 3 கிராம், வலி மாத்திரை அறவே கூடாது என்ற பேச்சில் பவுடரை அனுமதித்தார்கள். ஒரு மாதத்தில் 1.2. அந்தத் தடவை சிஸ்டாட்டின் சி என்ற டெஸ்டையும் சேர்த்து எடுத்தார்கள். அது தசையையோ பவுடரையோ நம்பி இல்லாத அளவு, அதனால் கிரியேட்டினால் ஏமாறாது. அது சரியாகவே இருந்தது. முதலில் வந்த 1.6-இல் லோடிங்கின் பங்கும் இருந்திருக்கும். ஆனால் ஆளைப் படுக்க வைத்தது வலி மாத்திரையும் தண்ணீர் குறைவும்தான், பவுடர் இல்லை. மாமனார் அதற்குப் பிறகும் மாத்திரை வாங்க வேறு கடைக்குத்தான் போகிறார், அது அவர் இஷ்டம்.

இப்போது உங்களுக்கு. டப்பாவை உடைக்கும் முன்னால் கிரியேட்டினின், பொட்டாசியம் இரண்டும் பாருங்கள், சிறுநீரில் ஆல்புமினும் பார்க்கச் சொல்லுங்கள். திருவண்ணாமலைப் பக்கம் எப்படியும் வண்டியில் போவீர்கள், அப்படியே லேபில் கொடுத்துவிட்டு வரலாம். ரத்தம் கொடுப்பதற்கு முந்தின இரண்டு நாள் ஜிம் வேண்டாம், முந்தின இரவு மட்டன் வேண்டாம். அந்தத் தாளைப் பத்திரமாக வையுங்கள். அதை உங்களுக்கு மாத்திரை எழுதின டாக்டரிடம் காட்டி, பவுடர் சாப்பிடப் போவதை வாயால் சொல்லுங்கள். ஏற்கெனவே எண் கூடுதலாக இருந்தாலோ, ஆல்புமின் போனாலோ, சர்க்கரை இருந்து சிறுநீரகத்தைத் தொட்டிருந்தாலோ பவுடர் பேச்சே வேண்டாம். எல்லாம் சரி என்று அவர் ஒப்புக்கொண்டால் வெறும் கிரியேட்டின் மோனோஹைட்ரேட், நாளுக்கு 3 கிராம். நாலைந்து வாரம் கழித்து அதே லேபில் மறுபடி பாருங்கள். லேப் மாறினால் எண்ணும் கொஞ்சம் மாறும், அப்புறம் எதை எதோடு ஒப்பிடுவது?

ஆரம்பத்தில் ஒரு கிலோ, ஒன்றரை கிலோ எடை ஏறும். தசைக்குள் தண்ணீர் சேர்கிறது, பயப்பட வேண்டாம். ஆனால் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுகிற வீக்கம் வேறு. அதைப் பவுடர் கணக்கில் எழுதிவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். வாந்தி, பேதி வந்த நாளில் பவுடரை நிறுத்துங்கள். பிரஷர் மாத்திரையைப் போடலாமா என்று அன்றைக்கே டாக்டரைக் கேளுங்கள், 'எச்' மாத்திரையானால் கட்டாயம். உடம்பு வலித்தால் வெறும் பாரசிட்டமால் என்று கேட்டு வாங்குங்கள், அட்டையின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

ஜிம்மில் இன்னொன்றும் சொல்வார்கள், பிரஷர் மாத்திரை போட்டால் உடம்பு ஏறாது, ஒரு மாதம் நிறுத்திப் பார் என்று. அப்படிச் சொன்னவர் உங்கள் பிரஷரை ஒரு தடவையாவது அளந்து பார்த்தாரா என்று கேளுங்கள். அவரே பயிற்சிக்கு முன்னால் குடிக்க வண்ணவண்ணமாக ஒரு பொடி நீட்டுவார். டப்பாவின் பக்கவாட்டில் காஃபின் எவ்வளவு என்று பாருங்கள், ஒரு கரண்டியில் 200, 300 மில்லிகிராம்கூட இருக்கும். கிரியேட்டினைவிட உங்கள் பிரஷருக்கு ஆகாதது அதுதான்.

ரிப்போர்ட் வந்ததும் மாத்திரை அட்டை, பவுடர் டப்பா இரண்டையும் எடுத்துக்கொண்டு மதியம் இரண்டு மணிக்கு மேல் வாருங்கள், அப்போது கூட்டம் இருக்காது. சாயங்காலம் வேண்டாம், கிட்னி போயிடும் என்று சொன்னவர் அந்த நேரத்துக்குத்தான் வருவார்.