சுடுதண்ணீருக்கு எந்தக் குழாய்?

கேள்வி: ஐந்து மாடிக் குடியிருப்பு கட்டுகிறோம். மொட்டை மாடியில் சோலார் ஹீட்டர். காப்பரா, பிபிஆரா, சிபிவிசியா?

பதில்: முதலில் குழாய் எவ்வளவு நீளும் என்று பார்க்க வேண்டும். 15 மீட்டர் செங்குத்துக் குழாயில் 30 டிகிரித் தண்ணீர் 60 டிகிரியாகும்போது காப்பர் 8 மில்லிமீட்டர் நீளும். சிபிவிசி சுமார் 30. சாதாரண பிபிஆர் 67 வரை! நீள இடம் விடாமல் கிளாம்ப் போட்டு இறுக்கினால் பிபிஆர் பாம்பாக வளைந்து, கிளைக்குழாய்களை இழுக்கும். நார் அடுக்குள்ள பிபிஆர் இதில் பரவாயில்லை.

காப்பர் வெப்பத்துக்கு அசராது. விலைதான் அசர வைக்கும். திருட்டுப் பயம் வேறு.

பிபிஆரை சுமார் 260 டிகிரியில் உருக்கி ஒட்டுவார்கள். 20 மில்லிமீட்டர் குழாய்க்கு ஐந்து வினாடி போதும். அதிகம் காய்ச்சினால் உள்ளே பிளாஸ்டிக் பிதுங்கி வழியை அடைக்கும். வெளியிலிருந்து தெரியாது, ஷவரில் தண்ணீர் சன்னமாக வரும்போதுதான் தெரியும்.

இந்தக் கட்டடத்துக்குச் சிபிவிசியே பொருத்தம். பசை காயுமுன் அழுத்தச் சோதனை செய்யக் கூடாது. சிபிவிசியின் உச்ச வரம்பு 93 டிகிரி. வெயில் காலத்தில் யாரும் தண்ணீர் எடுக்காத நாளில் சோலார் தொட்டி அதை நெருங்கலாம். எனவே தொட்டியை ஒட்டிய முதல் ஓரிரு மீட்டர் உலோகக் குழாயாக இருக்கட்டும். வெந்நீரைத் தணிக்கும் கலப்பு வால்வும் அங்கேயே வேண்டும்.

பச்சைத் தண்ணீருக்கு யுபிவிசி போதும்.