சுராங்கனி எந்தக் கரையில் பிறந்தாள்?
மூலப் பாட்டையும் மறுபாட்டையும் பிரித்தறிவது எப்படி?

மீலாத் விழா மேடைகளில் ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாடப்படும்போது, “அடுத்து நாகூர் ஹனிபாவின் பாடல்” என்றுதான் பெரும்பாலும் அறிவிப்பார்கள். அது பிழையல்ல, ஆனால் பாதி விடைதான். ஹனிபா அதைப் பாடியவர். அந்தச் சொற்களை எழுதியவர் கிளியனூர் ஆர். அப்துல் சலாம். பாட்டு உலகெங்கும் போயிற்று. எழுதியவரின் பெயர் அதனுடன் போகவில்லை.

“இது யாருடைய பாட்டு?” என்ற ஒரு கேள்விக்குள் நான்கு கேள்விகள் இருக்கின்றன. எழுதியவர் யார்? மெட்டமைத்தவர் யார்? முதலில் பாடிப் பதிவு செய்தவர் யார்? இப்போது நாம் கேட்கும் குரல் யாருடையது? கடைசி இரண்டு கேள்விகளுக்கும் ஒரே ஆள் விடையானால் நாம் கேட்பது மூலப் பதிவாக இருக்கலாம். வேறு வேறு ஆளானால் அது மறுபாட்டு. இளையோர் ‘கவர்’ என்று சொல்வது அதைத்தான். இவற்றைக் கண்டறியும் வழியை இக்கட்டுரையில் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி: இரண்டும் ஒரே பதிவா?

கைத்தொலைபேசியில் ஒரு பழைய பாட்டைத் தேடினால் பத்துப் பதிவுகள் வரும். அவற்றுட் பல, ஒரே ஒலிப்பதிவின் பிரதிகளாகவே இருக்கும். முதலில் அவற்றை ஒதுக்க வேண்டும்.

இதற்கு எளிய சோதனை ஒன்று உண்டு. இரண்டு தொலைபேசிகளில் இரண்டு பதிவுகளையும் ஒரே கணத்தில் ஓடவிடுங்கள். ஒரே பதிவின் பிரதிகளானால் இரண்டும் கடைசிவரை ஒன்றாகவே போகும். குழாய்க்குள் பாடுவதுபோல ஒரு வெற்றொலியும் கேட்கும். வேறு பதிவுகளானால் முதல் சரணம் முடியுமுன்னே ஒன்று முந்தும், மற்றது பிந்தும். மனிதர் ஒரே பாட்டை இரண்டு தடவை அணுவும் பிசகாமல் பாடுவதில்லை. பாடகர் மூச்செடுக்கும் இடங்களையும் கவனியுங்கள். மூச்சு ஏறக்குறையக் கைரேகை போன்றது; அதே பாடகர் பிற்காலத்தில் மீண்டும் பாடியிருந்தாலும் அது காட்டிக் கொடுத்துவிடும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பழைய இசைத்தட்டையோ ஒலிநாடாவையோ பிரதி எடுக்கும்போது கருவி சற்று விரைவாக ஓடியிருந்தால், பாட்டின் சுருதி உயர்ந்துவிடும். “சுருதி வேறு, ஆகவே பாடியவரும் வேறு” என்று நாம் ஏமாறலாம். அப்போது நேரத்தை அளக்க வேண்டும். வேகத்தால் சுருதி ஒரு அரைச்சுரம் உயர்ந்தால் பாட்டின் நீளமும் ஏறக்குறைய நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். 200 விநாடிப் பாட்டு 189 விநாடி அளவில் முடிந்துவிடும். சுருதியும் நீளமும் இப்படிச் சேர்ந்து மாறினால் அது அதே பதிவுதான். ஓடிய வேகம் மட்டுமே வேறு. சுருதி உயர்ந்தும் நீளம் குறையாவிட்டால் வேறு பதிவென்று ஐயுறலாம். ஆனால் இன்று கணினியில் நீளத்தைத் தொடாமலே சுருதியை மாற்ற முடியும். ஆகவே இந்தக் கணக்கை மட்டும் நம்பாமல் மூச்சுச் சோதனையையும் சேர்த்தே தீர்மானிக்க வேண்டும்.

இரண்டாம் படி: திரையில் தெரியும் ஆண்டு

பாட்டின் கீழே `Released on:` என்று ஒரு திகதியும் `℗` என்ற குறியோடு ஓர் ஆண்டும் இருக்கும். வட்டத்துக்குள் உள்ள அந்த எழுத்து, ஒலிப்பதிவின் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதைக் குறிப்பது. பாட்டை எழுதியவரைப் பற்றி அது ஒன்றும் சொல்வதில்லை. அதிலுள்ள ஆண்டும் பல வேளைகளில், நிறுவனம் பழைய பாட்டை இறுவட்டாகவோ இணையத்திலோ மறுபடி வெளியிட்ட ஆண்டுதான்.

ஆகவே திரையில் உள்ள ஆண்டை அப்படியே எழுதிக்கொள்ளாமல், அதை இன்னொரு திகதியோடு உரசிப் பார்க்க வேண்டும். சினிமாப் பாட்டுக்கு இது சுலபம். ‘பொன்மகள் வந்தாள்’ 1970இல் வந்த ‘சொர்க்கம்’ படத்தில் எம். எஸ். விஸ்வநாதன் இசையில் டி. எம். சௌந்தரராஜன் பாடியது. 2007இல் ‘அழகிய தமிழ் மகன்’ படத்தில் ஏ. ஆர். ரஹ்மான் அதைப் புது வடிவில் தந்தார். பதிவுக்கு மேலே எந்த ஆண்டு எழுதியிருந்தாலும், படம் வெளியான ஆண்டு இரண்டையும் வரிசைப்படுத்திவிடும். படத்தில் வராத பாட்டுக்கு இப்படியொரு பிடி கிடையாது. அங்கே பாட்டின் உள்ளேயே சான்று தேட வேண்டும்.

மூன்றாம் படி: புரியாத சொல்லே சான்று

இதற்கு நம் நாட்டிலேயே நல்ல உதாரணம் உண்டு. ‘சுராங்கனி’ பாட்டைக் கேளாத கல்யாண வீடோ சுற்றுலா பஸ்ஸோ வவுனியாப் பக்கத்தில் இராது. தமிழ்நாட்டில் பலர் இதை இளையராஜாவின் பாட்டென்றே அறிவார்கள். 1977இல் வந்த ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் அவரது இசையில் மலேசியா வாசுதேவனும் ரேணுகாவும் பாடியதே அதற்குக் காரணம். படத்தின் பெயரையும் ஆண்டையும் மட்டும் பார்ப்பவர், பாட்டு அங்கேதான் பிறந்தது என்று முடிவு கட்டிவிடுவார்.

இப்போது சொற்களைக் கேளுங்கள். பல்லவியில் ‘மாலு’ என்றொரு சொல் வருகிறது. தமிழ் அகராதியை வைத்துக்கொண்டு தேடினால் பாட்டுக்குப் பொருந்தும் பொருள் கிடைக்காது. ஆனால் நெளுக்குளத்தில் இரண்டாம் மொழியாகச் சிங்களம் படிக்கும் பிள்ளை உடனே சொல்லிவிடுவாள்: மாலு என்றால் மீன். அடுத்து வரும் ‘கெனாவா’ என்பதும் சிங்களமே. கொண்டு வந்தாயிற்று என்று பொருள். சுராங்கனி என்பது சிங்களப் பெண்களுக்கு வழங்கும் பெயர். சுராங்கனிக்கு மீன் கொண்டு வந்த செய்திதான் பல்லவி. சிங்களம் அறியாதவர்கள் பாடும்போது ‘கெனாவா’ பலவிதமாகத் திரிகிறது. பொருள் தெரியாத சொல்லைக் காது கேட்டபடி வாய் சொல்வதால் வரும் திரிபு அது.

சென்னையில் புதிதாக ஒரு தமிழ்ப் பாட்டு எழுத உட்காரும் ஒருவர், தம் ரசிகருக்கு விளங்காத சிங்களச் சொல்லைப் பல்லவியில் வைக்கக் காரணமில்லை. வேறெங்கோ பிறந்து, பல்லவி பிரபலமாகிவிட்டதால் மாற்ற மனமின்றி விடப்பட்ட சொல் என்றே கொள்ள வேண்டும். வெளிச்சான்றும் இதற்கு ஒத்து வருகிறது. படம் வருமுன்பே இலங்கையில் ஏ. ஈ. மனோகரன் இப்பாட்டைப் பாடிப் புகழ் பெற்றிருந்தார். ‘சிலோன் மனோகர்’ என்று இந்தியாவில் அழைக்கப்பட்டவர் அவரே.

தாளமும் அதே திசையைக் காட்டுகிறது. இது பைலா நடை. பைலா என்பது நடனத்தைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல்லிலிருந்து வந்தது. போர்த்துக்கேயர் காலத்தின் எச்சமாக நம் கரையோரங்களில் வளர்ந்த பாட்டுவகை. ஆனால் தாளம் தனியே நின்றால் வலுவான சான்றாகாது. எந்த இசையமைப்பாளரும் எந்த நாட்டுத் தாளத்தையும் எடுத்துக் கையாளலாம். தாளம், சொல், காலம் மூன்றும் ஒரே இடத்தைச் சுட்டும்போதுதான் முடிவு உறுதியாகிறது. 1977ஆம் ஆண்டுத் திரைப்பாட்டு மறுபாட்டு. சுராங்கனி பிறந்தது இலங்கைக் கரையில்.

நான்காம் படி: பெயர் இருக்க வேண்டிய இடத்தில் என்ன இருக்கிறது?

ஊரைக் கண்டுபிடித்தபின் ஆளைத் தேட வேண்டும். இங்கே இசைத்தட்டின் லேபிளே நம்மை ஏமாற்றலாம். உலகறிந்த ஒரு வழக்கு இதைக் காட்டும்.

‘லயன் கிங்’ கார்ட்டூன் படம் பார்த்த பிள்ளைகளுக்குச் சிங்கம் உறங்குவதாக வரும் ஆங்கிலப் பாட்டுத் தெரிந்திருக்கும். அதை 1961இல் ‘டோக்கன்ஸ்’ என்ற அமெரிக்கக் குழு பாடிப் பெரும் புகழ் பெற்றது. அதற்கு முன் 1950களின் தொடக்கத்தில் ‘வீவர்ஸ்’ என்ற குழு அதே மெட்டை ‘விமோவே’ என்ற பெயரில் பாடியிருந்தது. அந்தத் தட்டில் ஆசிரியர் பெயர் பால் கெம்பல். அப்படி ஒருவர் இருக்கவில்லை. அது அக்குழுவினர் வைத்துக்கொண்ட புனைபெயர்.

‘விமோவே’ ஆங்கிலச் சொல்லுமல்ல. ‘மாலு’வைப் போல இங்கேயும் புரியாத சொல்லே வழிகாட்டியாகிறது. தென்னாபிரிக்க சூலு மொழியில் ‘ம்பூபே’ என்றால் சிங்கம். ‘உயிம்பூபே’ என்றால் ‘நீ சிங்கம்’. வீவர்ஸ் குழுவின் பீட் சீகர் ஒரு ஆபிரிக்க இசைத்தட்டைக் கேட்டு எழுதியபோது, அச்சொல் அவர் காதில் ‘விமோவே’ என்று விழுந்தது. அந்தத் தட்டு 1939இல் ஜோகன்னஸ்பேர்க் நகரில் காலோ நிறுவனம் பதிவு செய்த ‘ம்பூபே’. இயற்றிப் பாடியவர் சொலமன் லிண்டா.

லிண்டா 1962இல் வறுமையிலேயே இறந்தார். பாட்டின் உரிமையைச் சில்லறைப் பணத்துக்கு விற்றிருந்தார். அது ஆபிரிக்க நாட்டார் பாட்டென்று பலர் எண்ணியதால் ஆசிரியரைத் தேடுவார் இல்லை. 2000ஆம் ஆண்டில் ரியான் மாலன் என்ற பத்திரிகையாளர் முழுக் கதையையும் எழுதினார். 2004இல் லிண்டாவின் பிள்ளைகள் தரப்பில் டிஸ்னி நிறுவனத்துக்கு எதிராக வழக்குத் தொடரப்பட்டது. 2006இல் இணக்கம் ஏற்பட்டு, வருமானத்தில் பங்கும் இணையாசிரியர் என்ற பெயரும் கிடைத்தன. தேடியவர் ஒருவர் இருந்ததால், இறந்து நாற்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்த மனிதரின் பெயர் பாட்டோடு சேர்ந்தது.

இதிலிருந்து ஒரு விதி எடுக்கலாம். ‘நாட்டார் பாடல்’, ‘பாரம்பரியம்’ என்று எழுதியிருப்பதை விடையாக எண்ணிவிடக் கூடாது. உண்மையிலேயே ஊர் கூடிப் பாடி வளர்த்த பாட்டும் உண்டு. எழுதியவரை யாரும் விசாரிக்காத பாட்டும் உண்டு. பழைய பதிவொன்று ஒருவர் பெயரோடு கிடைத்தால் அது இரண்டாம் வகையாக இருக்கலாம்.

செய்து பார்க்க

உங்கள் வீட்டில் வாப்பாவோ உம்மம்மாவோ பாடும் பழைய பாட்டு ஒன்றைத் தெரிவு செய்யுங்கள். கொப்பியில் ஐந்து வரி எழுதுங்கள்: எழுதியவர், மெட்டமைத்தவர், முதலில் பாடியவர், முதற்பதிவின் ஆண்டு, கடைசி வரியில் இந்த நான்கையும் எந்தச் சான்றால் அறிந்தீர்கள் என்பது. சான்று இல்லாத வரியை வெறுமையாக விடுங்கள். ஊகத்தால் நிரப்ப வேண்டாம். பாட்டில் விளங்காத சொல் ஏதும் இருந்தால் அதைத் தனியே குறித்து, அந்த மொழி தெரிந்த ஒருவரிடம் கேளுங்கள்.

அடுத்த தமிழ்த்தினப் போட்டியிலோ மீலாத் விழாவிலோ அறிவிப்பாளராக நிற்கும் மாணவி, பாடியவரின் பெயரோடு எழுதியவரின் பெயரையும் சேர்த்துச் சொல்லட்டும். அதற்கு அரை நிமிடம்கூட ஆகாது.