எந்தக் கணக்குக்கு எந்த வழி: ஒரு அட்டவணையும் சில எச்சரிக்கைகளும்

பொறியியல் கல்லூரியில் முதலாண்டு விடைத்தாள்களைத் திருத்தும்போது ஒன்று தெரியும். தப்பாகக் கூட்டியவர்கள் குறைவு, தப்பான வழியில் இறங்கியவர்களே அதிகம். பாதிப்பேர் லாப்லாஸில் இறங்கியிருப்பார்கள். "எது வந்தாலும் லாப்லாஸ் போடு, வந்துடும்" என்று சீனியர் சொல்லியிருப்பார். அல்லது டியூஷனில் அதுதான் புகழ்பெற்ற பாடமாக இருக்கும். ஒரு அப்பா என்னிடம், "சார், பையனுக்கு எல்லாத்துக்கும் செல்லுபடியாகிற ஒரே முறையா சொல்லிக் கொடுத்திடுங்க" என்று கேட்டார். அப்படி ஒரு முறை இருந்தால் நானும் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருப்பேன்.

எல்லோரும் அறிந்த வகைகளை முதலில் ஒரு அட்டவணையாகத் தருகிறேன். இதில் விளக்கம் தேவைப்படுவது அதிகம் இல்லை.

| சமன்பாடு எப்படித் தெரிகிறது | முதலில் செய்வது |
|---|---|
| x ஒருபுறம், y ஒருபுறம் பிரிகிறது | பிரித்துத் தொகையிடு |
| y' + P(x)y = Q(x) | e^(∫P dx) ஆல் பெருக்கு |
| y' + P(x)y = Q(x)yⁿ | u = y^(1−n) என மாற்று |
| எல்லா உறுப்பும் ஒரே படியில் | y = vx |
| M dx + N dy = 0, ∂M/∂y = ∂N/∂x | எக்ஸாக்ட்; நேராகத் தொகையிடு |
| ay'' + by' + cy = f(x) | am² + bm + c = 0 தீர், பிறகு f(x)-ஐப் பார் |
| x²y'' + axy' + by = f(x) | x = e^t |

இந்த அட்டவணையை மனப்பாடம் செய்த மாணவரும் ஓரிடத்தில் திணறுவார். ஒரே சமன்பாடு இரண்டு மூன்று வரிசைகளில் பொருந்தும்போது எதை எடுப்பது? y' = (x² + y²)/(2xy) என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லா உறுப்பும் இரண்டாம் படி என்பதால் y = vx போடலாம். 2v dv/(1 − v²) = dx/x என்று பிரிந்து, தொகையிட்டால் x² − y² = Cx வரும். இதையே y' − y/(2x) = (x/2)y⁻¹ என்று எழுதினால் பெர்னூலி வகை. u = y² என்று மாற்றினால் u' − u/x = x, அதாவது (u/x)' = 1. ஆகவே y² = x² + cx. எக்ஸாக்ட் வழியிலும் போகலாம். (x² + y²)dx − 2xy dy = 0 என்பது அப்படியே எக்ஸாக்ட் இல்லை, ஆனால் 1/x² ஆல் பெருக்கினால் ஆகிவிடும். விடை அதேதான்.

மூன்றும் சரி என்றாலும் என் ஓட்டு பெர்னூலிக்கு. y = vx வழியில் 1 − v² ஆல் வகுக்கும்போது y = x, y = −x என்ற இரண்டு தீர்வுகள் கைநழுவுகின்றன. இங்கே C = 0 என்று வைத்தால் அவை திரும்பி வருவது நல்ல காலம், எல்லாச் சமன்பாட்டிலும் அப்படி வராது. பெர்னூலி வழியில் அந்த வகுத்தலே இல்லை. வழி தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: போகும் வழியில் எதனால் வகுக்கிறோம், அது எங்கே பூஜ்யமாகும்?

இனி லாப்லாஸ். இதைப் பற்றி மட்டும் கொஞ்சம் நீளமாகவே சொல்லப் போகிறேன், ஏனென்றால் மதிப்பெண் அதிகம் போவது இங்கேதான்.

இன்று பாடநூலில் இருக்கும் வடிவில் இந்த முறை அவ்வளவு பழையது அல்ல. லாப்லாஸ் 18ஆம் நூற்றாண்டுக்காரர்தான். ஆனால் பொறியாளர்கள் கையில் நெடுநாள் இருந்தது ஹெவிசைடின் ஆபரேட்டர் முறை. ஜெர்மானியக் கணிதவியலாளர் டாட்ச் 1937இல் எழுதிய நூலுக்குப் பிறகே லாப்லாஸ் உருமாற்றம் ஒழுங்கான கருவியாகப் பரவியது. மின்சுற்றில் திடீரென்று சுவிட்சைப் போடுவது, ஒரு கணம் மட்டும் தட்டுவது போன்ற விசைகளைச் சமாளிப்பதில் அதன் அருமை தெரியும். வலப்பக்கம் t = 2 வரை பூஜ்யமாகவும் பிறகு 1 ஆகவும் இருந்தால், பழைய முறையில் இரண்டு துண்டாகத் தீர்த்து, t = 2இல் y-யையும் y'-யையும் ஒட்ட வேண்டும். லாப்லாஸில் e^(−2s) என்ற ஒரு பெருக்கல் போதும். அந்த இடத்தில் வேறு வழி தேடுவதுதான் வீண்.

ஆனால் வலப்பக்கம் வழவழப்பான சாதாரணச் சார்பாக இருக்கும்போது? y'' − 3y' + 2y = t², y(0) = 0, y'(0) = 0 என்ற கணக்கைப் பாருங்கள். லாப்லாஸ் போட்டால்

Y = 2 / (s³(s − 1)(s − 2))

என்று ஒரே வரியில் வந்துவிடுகிறது. மாணவர் மகிழ்ந்துபோகிறார். அடுத்த வரியில் பகுதிப் பின்னங்கள்: s, s², s³, s − 1, s − 2 என ஐந்து மாறிலிகள். s − 1, s − 2 இரண்டுக்கும் சட்டென்று −2, 1/4 கிடைக்கும். s³ தரும் மூன்றில்தான் குறி மாறும், பின்னம் தவறும், பக்கம் நிரம்பும்.

நேர்வழியில் செய்து பார்ப்போம். m² − 3m + 2 = 0 என்பதன் மூலங்கள் 1, 2. வலப்பக்கம் t² என்பதால் சிறப்புத் தீர்வை At² + Bt + C என்று ஊகிக்கலாம். பிரதியிட்டால் t² கெழுவிலிருந்து 2A = 1, t கெழுவிலிருந்து −6A + 2B = 0, மாறிலியிலிருந்து 2A − 3B + 2C = 0. அதாவது A = 1/2, B = 3/2, C = 7/4. தொடக்க நிபந்தனைகளைப் போட்டால்

y = −2e^t + (1/4)e^(2t) + t²/2 + 3t/2 + 7/4.

ஐந்து மாறிலிகள் இங்கேயும்தான். ஆனால் அவை ஒவ்வொன்றாக, முன்னது கிடைத்தபின் அடுத்தது என்று வருகின்றன. சரிபார்ப்பதும் எளிது. சமன்பாட்டில் t = 0 போட்டால் y''(0) பூஜ்யமாக வேண்டும். விடையை இருமுறை வகைக்கெழு எடுத்தால் −2 + 1 + 1 = 0. எந்த முறையில் தீர்த்தாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம். தொடக்க நிபந்தனைகளை வைத்து மட்டும் சரிபார்ப்பவர்களிடம் தப்பும் பிழைகள் பல இதில் மாட்டிக்கொள்ளும்.

இது வசதி பற்றிய பேச்சு. லாப்லாஸ் கைவிட்டுவிடும் இடங்களும் உண்டு. y'' + y = sec x என்ற கணக்கு கேள்வித்தாள்களில் அடிக்கடி வரும். sec x என்பது x = π/2இல் வெடிக்கிறது. அதற்கு லாப்லாஸ் உருமாற்றமே கிடையாது. ஊகிக்கும் முறையும் இங்கே உதவாது, sec x-ஐ வகைக்கெழு எடுக்க எடுக்கப் புதுப்புதுச் சார்பாக வந்துகொண்டே இருக்கும். இதற்கென்றே இருப்பது அளவுருக்களை மாற்றும் முறை. cos x, sin x இரண்டின் ரான்ஸ்கியன் 1. ஆகவே −∫ sin x sec x dx = ln|cos x| என்பது cos x-இன் கெழு, ∫ cos x sec x dx = x என்பது sin x-இன் கெழு. சிறப்புத் தீர்வு cos x ln|cos x| + x sin x. sec, tan, cosec கண்ணில் பட்டால் இந்த முறைதான் என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் ஏமாற மாட்டீர்கள்.

கெழுவில் x² வந்துவிட்டாலும் லாப்லாஸ் உதவாது. t ஆல் பெருக்குவது s பக்கத்தில் வகைக்கெழுவாக மாறும். x²y'' கொண்ட சமன்பாட்டை உருமாற்றினால் Y-க்கு இன்னொரு இரண்டாம் வரிசைச் சமன்பாடு கிடைக்கும், அதுவும் அதே ஆய்லர் வகையில். கிளம்பிய இடத்துக்கே வந்து நிற்போம். நிபந்தனை y(0), y(1) என்று இரண்டு முனைகளிலும் கொடுத்திருந்தால் y'(0)-க்கு ஒரு எழுத்து போட்டுக்கொண்டு கடைசிவரை இழுக்க வேண்டும். நிபந்தனையே தராத கணக்கில் y(0) = a, y'(0) = b என்று தாமாகவே எழுதிக்கொண்டு தொடங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். தப்பில்லை, ஆனால் தேவையில்லாத சுமை.

ஆகவே பேனாவை எடுக்குமுன் கேள்வியை இந்த வரிசையில் படியுங்கள்: கெழுக்கள் மாறிலியா, வலப்பக்கம் என்ன சார்பு, நிபந்தனை எங்கே கொடுத்திருக்கிறார்கள். மூன்றையும் பார்த்தபின் லாப்லாஸ்தான் என்று பட்டால் போடுங்கள். இந்தப் படிப்புக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த நிமிடம் பொறுக்காதவர்களே அதிகம்.

வெக்டர் கால்குலஸிலும் இதே கதை, பெயர்கள்தான் வேறு. அங்கே பார்க்க வேண்டியது எல்லையை. தளத்தில் மூடிய வளைகோடு என்றால் கிரீன், வெளியில் மூடிய வளைகோடு என்றால் ஸ்டோக்ஸ், மூடிய பரப்பு என்றால் காஸ். மூடாத கோடாக இருந்து கர்ல் பூஜ்யமாக இருந்தால் பொட்டென்ஷியல் கண்டுபிடித்து இரு முனைகளில் மதிப்பிடலாம். ஸ்டோக்ஸ் தேற்றம் பரீட்சைக்கென்றே பிறந்தது என்றும் சொல்லலாம். கெல்வின் 1850இல் கடிதத்தில் எழுதி அனுப்பியதை ஸ்டோக்ஸ் 1854இல் கேம்பிரிட்ஜில் ஒரு பரிசுத் தேர்வில் கேள்வியாகக் கொடுத்தார். அந்தத் தேர்வை எழுதியவர்களில் மேக்ஸ்வெல்லும் ஒருவர்.

காஸ் தேற்றத்தில் மாணவர்கள் விழும் குழி, மூடாத பரப்பை மூடியதாக எடுத்துக்கொள்வது. F = (x, y, z + 1), பரப்பு a ஆரமுள்ள மேல் அரைக்கோளம், அடித்தட்டு இல்லை; வெளிநோக்கிய பாயத்தைக் கேட்கிறார்கள். டைவர்ஜென்ஸ் 3, அரைக்கோளக் கனஅளவு (2/3)πa³, பெருக்கினால் 2πa³. இதையே விடையாக எழுதிவிடுவார்கள். ஆனால் காஸ் தந்தது வளைபரப்பும் அடித்தட்டும் சேர்ந்த பாயம். அடித்தட்டில் z = 0, செங்குத்துத் திசை கீழ்நோக்கி, அங்கே பாயம் −πa². அதைக் கழித்தால் வளைபரப்புக்குக் கிடைப்பது 2πa³ + πa². மூடி போட்டுக் கணக்கிட்டால், பிறகு மூடியின் பங்கை எடுத்துவிட வேண்டும்.

கிரீன் தேற்றத்தில் குழி வேறு மாதிரி. F = (−y, x)/(x² + y²) என்ற புலத்துக்குக் கர்ல் பூஜ்யம் என்று வந்துவிடும். உடனே மூடிய கோட்டில் தொகை பூஜ்யம் என்று எழுதுவார்கள். அலகு வட்டத்தில் x = cos θ, y = sin θ என்று நேராகப் போட்டால் 2π வருகிறது. காரணம், ஆதிப்புள்ளியில் இந்தப் புலமே வரையறுக்கப்படவில்லை. வட்டத்துக்குள் அந்தப் புள்ளி இருக்கும்வரை கிரீன் தேற்றத்தைப் பயன்படுத்த உரிமையில்லை. வட்டத்தை (3, 0) பக்கம் நகர்த்தி வைத்தால் ஆதிப்புள்ளி வெளியே போய்விடும், விடை பூஜ்யம்தான். ஆகவே பகுதியில் x² + y² போன்ற ஒன்றைக் கண்டால் அது பூஜ்யமாகும் புள்ளி கோட்டுக்குள் இருக்கிறதா என்று ஒரு படம் வரைந்து பார்த்துவிட்டு, அதன் பிறகு தேற்றத்தின் பெயரை எழுதுங்கள்.